நாற்பது அறை ஹோட்டலுக்கு ஓர் ஆலோசகரின் கடிதம்

கும்பகோணத்தில் 40 அறைகளும் தரைத்தளத்தில் ஒரு சைவ உணவகமும் உள்ள ஹோட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக நான் கற்பனையில் கட்டிய ஹோட்டல் இது; எண்களையும் நானே வைத்திருக்கிறேன். ஆனால் அதன் முதலாளியின் குறைகளைக் கோயில் நகரங்களில் விடுதி நடத்துகிற எவரிடமும் கேட்கலாம். "வாரநாள்ல பாதி ரூம் காலியா கிடக்கு, வாடகையைக் குறைச்சா நிரம்புமா?" இது முதல் குறை. "கீழே டிபனுக்கு உட்கார இடமில்லாத கூட்டம், மாசக் கடைசியில கல்லாவுல ஒண்ணும் நிக்கல" என்பது இரண்டாவது. "பழைய ரூமையெல்லாம் இடிச்சுப் புதுசா பண்ணச் சொல்றாங்க, கடன் வாங்கிச் செஞ்சா கட்டுப்படியாகுமா?" என்பது மூன்றாவது.

அவர் ஓர் ஆலோசகரை வரவழைக்கிறார். ஆலோசகர் அரைநாள் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் ஒரு கடிதம் அனுப்புகிறார். தொழிலில் இதைப் புரபோசல் என்பார்கள். இன்னின்ன வேலையைச் செய்து தருகிறேன், இந்தந்த ஆய்வு முறைகளைப் பயன்படுத்துவேன், இத்தனை வாரம் ஆகும், இவ்வளவு கட்டணம் என்பதுதான் உள்ளடக்கம். பல கடிதங்களில் பாதிப் பக்கங்கள் ஆலோசகரின் பெருமை. மீதிப் பாதியில் ஸ்வாட், ஐந்து விசைகள், ஏழு எஸ் என்று முறைகளின் பெயர்கள் அணிவகுக்கும். முதலாளி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கட்டணத்தைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடுப்பக்கங்கள் அவருக்குப் புரிகிற மாதிரி எழுதப்படுவதில்லை.

ஆனால் கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த நடுப்பக்கங்களில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு முறைக்கும் மூன்று விஷயங்கள் எழுதியிருக்க வேண்டும்: முதலாளி கேட்ட எந்தக் கேள்விக்கு இது பதில் சொல்லும், அதற்கு எந்தப் பதிவேடு வேண்டும், வரும் விடையைப் பொறுத்து எந்த முடிவு மாறும். மூன்றாவதை எழுத முடியாத முறை அந்த வேலைக்குத் தேவையில்லாத முறை. நம் கற்பனை ஹோட்டலுக்கு ஒரு கெட்டிக்கார ஆலோசகர் எழுதினால் கடிதம் இப்படித் தொடங்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நேரில் சொன்ன மூன்று குறைகளுக்கும் மூன்று தனிக் கணக்குகள் தேவைப்படுகின்றன. அறைகளுக்கு, அக்கம்பக்க ஹோட்டல்களோடு நாள்வாரியாக ஒப்பிடும் கணக்கு. உணவகத்துக்கு, முதலில் வரவு செலவைத் துறைவாரியாகப் பிரித்து, பிறகு பண்டவாரியாக மிச்சத்தைப் பார்க்கும் கணக்கு. புதுப்பிக்கும் யோசனைக்கு, கடன் தவணையை மீட்க எத்தனை அறை-இரவுகள் விற்க வேண்டும் என்ற கணக்கு. முதல் இரண்டின் விடை வராமல் மூன்றாவதைத் தொடங்கமாட்டேன்."

கடைசி வாக்கியத்தில்தான் இந்த ஆளுக்குத் தொழில் தெரியும் என்பது தெரிகிறது. ஏன் அந்த வரிசை என்பது போகப் போக விளங்கும்.

நிரம்பிய அறையும் நிறையாத கல்லாவும்

அறை வியாபாரத்தை அளக்க ஹோட்டல்காரர்களிடம் மூன்று அளவுகள் உண்டு. விற்பனைக்கு இருந்த அறைகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பின என்பது முதலாவது. நிரம்பிய அறைகள் சராசரியாக என்ன வாடகைக்குப் போயின என்பது இரண்டாவது. இரண்டையும் பெருக்கினால் வருவது மூன்றாவது: காலியாகக் கிடந்ததையும் சேர்த்து ஓர் அறை ஒரு நாளைக்குச் சம்பாதித்த தொகை. உலகெங்கும் இதை ரெவ்பார் என்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், அதனால் வந்தது மூன்றாவது.

நம் ஹோட்டலில் ஒரு மாதத்தில் 70 சதவீத அறைகள் நிரம்பின, சராசரி வாடகை 1800 ரூபாய் என்று வைப்போம். அறைக்கு நாளொன்றுக்கு 1260 ரூபாய். இது நல்லதா கெட்டதா என்பது அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. அதே தெருவில், அதே தரத்தில் உள்ள நான்கைந்து ஹோட்டல்களின் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய எஸ்.டி.ஆர். என்ற நிறுவனம் இதையே பெரிய தொழிலாக வளர்த்தது. ஹோட்டல்கள் தங்கள் எண்களை அதற்கு அனுப்பும். போட்டியாளர்களின் கூட்டுச் சராசரியை, தனித்தனிப் பெயர் தெரியாமல், அது திருப்பி அனுப்பும்.

அக்கம்பக்க ஹோட்டல்களின் சராசரி 60 சதவீதம், வாடகை 2400 என்று தெரிய வருகிறது. அவர்களின் அறை 1440 ரூபாய் சம்பாதிக்கிறது. நம் முதலாளி அவர்களைவிட அதிக அறைகளை நிரப்பியும் அறைக்கு 180 ரூபாய் குறைவாகச் சம்பாதிக்கிறார். நூறை அடிப்படையாக வைத்தால் நிரப்புவதில் அவர் 117, வாடகையில் 75, வருமானத்தில் 87.5. ஆக, காலி அறைதான் வியாதி என்று அவர் நினைத்தது தவறு. வாடகையைக் குறைக்கும் யோசனை இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இங்கேயே நின்றுவிட்டு "வாடகையை ஏற்றுங்கள்" என்று அறிக்கை எழுதுகிற ஆலோசகரும் பாதி வேலைதான் செய்தவர். மாதச் சராசரி ஒரு மூடிய பெட்டி. அதைத் திறந்து நாட்களைப் பிரிக்க வேண்டும். கும்பகோணத்தில் நாட்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சனிக்கிழமை இரவு வெளியூர்க் குடும்பங்கள் வந்து தங்கி, அதிகாலையில் நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பும். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் மொத்தமாக அறை எடுப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. ஆகவே கடிதத்தில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: "கடந்த 12 மாத இரவு அறிக்கைகளைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்து, முகூர்த்த நாளை முகூர்த்த நாளோடும் சாதாரண நாளைச் சாதாரண நாளோடும் மட்டுமே ஒப்பிடுவேன்." போன வருடம் இதே தேதியில் எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் பல ரிசப்ஷன்களில் இருக்கிறது. போன வருடம் அந்தத் தேதி முகூர்த்தமாகவும் இந்த வருடம் வெறும் செவ்வாய்க்கிழமையாகவும் இருந்தால், அந்த ஒப்பீட்டால் வீண் பீதிதான் மிஞ்சும்.

பிரித்துப் பார்ப்போம். மாதத்தில் 10 நாட்கள் கூட்டமான நாட்கள், 20 நாட்கள் சாதாரண நாட்கள். கூட்ட நாட்களில் நம் ஹோட்டல் முழுவதும் நிரம்புகிறது. வாடகை அப்போதும் அதே 1800. அக்கம்பக்கத்தில் 95 சதவீதம் நிரம்புகிறது, வாடகை 3000. அறைக்கு வருமானம் நமக்கு 1800, அவர்களுக்கு 2850. சாதாரண நாட்களில் நம்மிடம் 55 சதவீதம் நிரம்பி அறைக்கு 990 ரூபாய் வருகிறது. அவர்களிடம் 42.5 சதவீதமே நிரம்பி, சுமார் 1730 ரூபாய் வாடகையில் அறைக்கு 735 ரூபாய்தான் வருகிறது.

முதலாளியைத் தூங்கவிடாத வாரநாட்களில் அவர் அக்கம்பக்கத்தாரை வெல்கிறார் என்பது இப்போது தெரிகிறது. அவர் பெருமைப்படுகிற சனிக்கிழமைகளில்தான் தோற்கிறார். புதன்கிழமையே "சனிக்கு ரூம் இல்லை" என்று பலகை மாட்டுகிற ஹோட்டல் மலிவாக விற்றுத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். கூட்ட நாட்களில் வாடகையை 2600-க்கு ஏற்றி, அதனால் பத்தில் ஓர் அறை காலியாகவே போனாலும், அறைக்கு 2340 ரூபாய் வரும். இப்போதையதைவிட 540 அதிகம். 40 அறைக்கு 10 நாளில் 2,16,000 ரூபாய். ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமல் வருகிற பணம் இது. கடன் கணக்கைக் கடைசிக்குத் தள்ளியதன் காரணம் புரிந்திருக்கும்.

இந்த முறை எங்கே சறுக்கும் என்பதையும் நேர்மையான கடிதம் சொல்லிவிடும். ஒப்பிடும் ஹோட்டல்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. லிஃப்டும் கார் நிறுத்த இடமும் உள்ள புதுக் கட்டடத்தோடு நம் 25 வருடப் பழைய கட்டடத்தை ஒப்பிட்டால் 3000 ரூபாய் எட்டாக்கனி. மட்டமான விடுதிகளோடு ஒப்பிட்டால் நாமே ராஜா. எனவே ஐந்து ஹோட்டல்களின் பெயரும், ஒவ்வொன்றையும் சேர்த்ததற்கான காரணமும் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒரு நல்ல சோதனை உண்டு: உங்களிடம் அறை இல்லை என்றதும் விருந்தாளி அடுத்து எந்தப் படியேறுகிறார்? அதுதான் உங்கள் போட்டியாளர். உங்கள் ரிசப்ஷன் பையனுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது சிக்கல், சிறு நகரங்களில் போட்டியாளர் எண்களை விற்கிற நிறுவனம் பெரும்பாலும் கைகொடுக்காது. வாடகையை ஆன்லைன் முன்பதிவுத் தளங்களில் தினமும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நிரம்பிய கணக்கை, பல ஊர்களில் மேனேஜர்கள் இரவு ஒருவருக்கொருவர் போன் செய்து "இன்னைக்கு உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொள்கிற பழக்கத்திலிருந்து எடுப்பார்கள். நடந்து முடிந்த எண்ணைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் எல்லோரும் என்ன வாடகை வைக்கலாம் என்று சேர்ந்து பேசினால் அது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிற விலை ஒப்பந்தம். எப்படியானாலும் இவை மதிப்பீடுகளே. "அக்கம்பக்க நிரம்பல் கணக்கில் ஐந்து புள்ளி மேலே கீழே தவறு இருக்கலாம், அந்தத் தவறு இருந்தாலும் முடிவு மாறாது என்றால் மட்டுமே பரிந்துரைப்பேன்" என்று எழுதுகிறவரை நம்பலாம். மேலே உள்ள உதாரணத்தில் கூட்ட நாள் இடைவெளி மிகப் பெரியது. ஐந்து புள்ளித் தவறு அதை அசைக்காது.

மூன்றாவது, பலர் மறப்பது: 1800 ரூபாய் வாடகை முழுவதும் கைக்கு வருகிறதா? ஆன்லைன் தளம் வழியாக வந்த முன்பதிவில் 18 சதவீதக் கமிஷன் என்றால் 324 ரூபாய் போகும். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்னொரு 58 ரூபாய். கையில் நிற்பது 1418. நிரம்பி வழியும் சனிக்கிழமை அறைகளையும் கமிஷன் கொடுத்துத்தான் விற்கிறோமா என்று பார்க்க, ஒவ்வொரு முன்பதிவும் எந்த வழியாக வந்தது என்ற பதிவு வேண்டும். அதனால்தான் கடிதம் அந்தப் பதிவைக் கேட்கிறது. விருந்தாளிகளின் பெயர், போன் நம்பர், ஆதார் நகல் எதுவும் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்கிற ஆலோசகருக்குக் கொடுக்கவும் கூடாது.

டிபன் கூட்டத்தின் ரகசியம்

உணவகத்துக்கு வருவோம். நியூயார்க் நகர ஹோட்டல் சங்கம் 1926-இல் விடுதிகளுக்கென்று ஒரு பொதுக் கணக்கு முறையை வெளியிட்டது. அதன் பல பதிப்புகள் வந்து இன்றும் உலகெங்கும் அதுவே வழக்கில் உள்ளது. அதன் அடிப்படை எளிது. அறைக்கு ஒரு கணக்கு, உணவகத்துக்கு ஒரு கணக்கு. ஒவ்வொன்றின் வரவும் அதற்கே உரிய செலவும் அதன் கீழே. மின்சாரம், பராமரிப்பு, நிர்வாகம் போல எல்லோருக்கும் பொதுவானவை தனியே.

குடும்பமாக நடத்துகிற ஹோட்டலில் இது நடப்பதில்லை. எல்லாம் ஒரே கல்லா. நம் ஹோட்டலில் அறை எடுத்தவர்களுக்குக் காலை டிபன் இலவசம். தினமும் 40 பேர் சாப்பிடுகிறார்கள் என்று வைப்போம் (நவக்கிரகம் பார்க்க விடியுமுன் கிளம்புகிறவர்கள் சாப்பிடுவதில்லை). ஒருவருக்கு 60 ரூபாய் சரக்குச் செலவு. மாதம் 72,000 ரூபாய். இந்தச் செலவு உணவகத்தின் தலையில் விழுகிறது. அதற்கான வரவோ அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. முதலாளி வீட்டுக்குப் போகிற பாலும் காய்கறியும்கூட இதே பில்லில்தான் இருக்கும். இதையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு இலவச டிபனுக்கும் அறைத்துறை உணவகத்துக்கு ஒரு தொகை கொடுப்பதாக எழுதிப் பார்த்தால், நஷ்டத்தில் ஓடுவதாக நினைத்த உணவகம் பல நேரம் எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் மொத்த லாபம் ஒரு ரூபாய்கூடக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் உணவகத்தை மூடலாமா, வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா என்ற யோசனையெல்லாம் அந்தத் தவறான நஷ்டத்தின் மேல் நிற்கிறது.

பிரித்த பிறகும் மிச்சம் குறைவு என்றால் அடுத்த முறை, பண்டங்களைத் தனித்தனியே பார்ப்பது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானா, டொனால்ட் ஸ்மித் என்ற இருவர் 1982-இல் இதை முறைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு கேள்விகள். எத்தனை பேர் கேட்கிறார்கள்? ஒரு தட்டு விற்றால், சரக்குச் செலவு போகக் கையில் என்ன நிற்கிறது? அதிகம் விற்று அதிகம் மிச்சமாவது நட்சத்திரம். அதிகம் விற்றும் மிச்சம் குறைவானது உழவு மாடு. மிச்சம் அதிகம், கேட்பார் குறைவு என்றால் புதிர். இரண்டும் இல்லாததற்கு அவர்கள் வைத்த பெயர் நாய். அந்தப் பெயரை மாஸ்டரிடம் சொல்ல வேண்டாம்.

அதிகம் விற்கிறது என்பதற்கும் ஓர் எல்லை வைத்தார்கள். பட்டியலில் 10 பண்டங்கள் என்றால் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 10 சதவீதம். அதில் 70 சதவீதம், அதாவது 7 சதவீதமாவது விற்றால் அது மக்கள் விரும்பும் பண்டம். நம் மாலை டிபனில் இட்லி 24 சதவீதம் விற்கிறது. விலை 40, மாவு சாம்பார் சட்னி எல்லாம் சேர்த்துச் செலவு 14, மிச்சம் 26. எல்லாப் பண்டங்களின் சராசரி மிச்சம் 44 என்றால் இட்லி உழவு மாடு. நெய் ரோஸ்ட் 14 சதவீதம் விற்கிறது, மிச்சம் 65, நட்சத்திரம். வெங்காய ரவா தோசை விலை 110, செலவு 35, மிச்சம் 75. ஆனால் 5 சதவீதம்தான் விற்கிறது, புதிர். புத்தகம் சொல்லும் மருந்து: ரவா தோசையைப் பலகையில் மேலே எழுது, சர்வரைச் சிபாரிசு செய்யச் சொல்.

அப்படிச் செய்தால் மாலை ஏழு மணிக்கு என்ன ஆகும் என்று தோசை மாஸ்டரைக் கேளுங்கள். ரவா தோசை நிதானமாக முறுகும் ஜாதி. கல்லில் ஓர் இடத்தை அது 5 நிமிடம் அடைத்துக்கொள்கிறது, நெய் ரோஸ்ட் 3 நிமிடத்தில் இறங்கிவிடுகிறது என்று வைத்தால், கல்லின் ஒரு நிமிடத்துக்கு ரவா தோசை 15 ரூபாயும் நெய் ரோஸ்ட் 22 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகவும் தருகின்றன. மேஜைக்குக் காத்திருக்கிற கூட்டம் இருக்கும்போது ரவா தோசையைத் தூக்கிப்பிடித்தால் வருமானம் குறையும். கூட்டமில்லாத நாலு மணிக்குத் தாராளமாக விற்கலாம். கசவானா, ஸ்மித் முறையில் சரக்குச் செலவு மட்டுமே உண்டு; ஆள் கூலியும் அடுப்பின் நேரமும் அதற்குள் வராது என்பது அதன் மேல் உள்ள பழைய விமர்சனம். எனவே நம் ஆலோசகர் எழுத வேண்டியது: "பண்டவாரிக் கணக்கை, கூட்ட நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தனித்தனியாகப் போடுவேன். இதற்காக இரண்டு மாலை வேளைகள் அடுக்களையில் நின்று நேரம் குறிக்க அனுமதி வேண்டும்."

இதற்கு வேண்டிய பதிவு, பண்டவாரியான பில் விவரம். பில்லிங் மெஷினில் "டிபன்" என்று ஒரே பட்டனில் எல்லாவற்றையும் அடிக்கிற கடைகளில் அது கிடைக்காது. அப்போது நான்கு வாரம் சரியாக அடிக்கவைத்து, பிறகுதான் கணக்கைத் தொடங்க முடியும். இதைக் கடிதத்திலேயே சொல்லாத ஆலோசகர், பின்னால் ஊகத்தில் ஒரு அட்டவணை தயாரித்து வண்ணம் அடித்துக் கொடுப்பார்.

கடன் வாங்கலாமா?

மூன்றாவது கேள்வி 12 பழைய அறைகளைப் புதுப்பிப்பது. அறைக்கு 5 லட்சம், மொத்தம் 60 லட்சம். இந்தத் தொகை வரியோடு சேர்த்தா என்று கேட்க வேண்டும். 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வாடகை மேல் வரி குறைந்தது விருந்தாளிக்கு நல்லது. ஆனால் அந்த 5 சதவீதத்தில் இருக்கிற ஹோட்டல், தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. டைல்ஸுக்கும் ஏ.சி.க்கும் கட்டுகிற வரி முழுவதும் செலவுதான்.

11 சதவீத வட்டியில் 7 வருடக் கடன் என்றால் வருடத் தவணை சுமார் 12.33 லட்சம். புது அறைக்கு இப்போதையதைவிட 600 ரூபாய் கூடுதல் வாடகை கிடைத்தால், வருடத்துக்கு 2055 அறை-இரவுகள் விற்க வேண்டும். 12 அறைகளுக்கு வருடத்தில் 4380 இரவுகள் உண்டு. அதில் 47 சதவீதம். செய்யலாம் போலத்தான் இருக்கிறது. கூடுதலாக 400 ரூபாய்தான் கிடைக்கும் என்றால் 70 சதவீதம் தேவை. அதுவும் கூட்ட நாட்களில் மட்டுமே கூடுதல் வாடகை எடுபடும், வாரநாட்களில் பழைய விலைதான் என்றால், வருடத்துக்கு 120 நாள், 1440 இரவுகள். எல்லாமே விற்றாலும் இரவுக்கு 856 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால்தான் தவணைக்குச் சரியாகும்.

கடன் கணக்கின் உயிர் அந்தக் கூடுதல் வாடகை எண்ணில் இருக்கிறது. அதை எங்கிருந்து எடுப்பது? முதல் கணக்கிலிருந்துதான். கூட்ட நாளில் பழைய அறையையே 2600-க்கு விற்றுப் பார்த்திருந்தால், புது அறைக்கு அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும். அதைச் செய்யாமல் 1800-லிருந்து கணக்குப் போட்டால், வெறுமனே விலையை ஏற்றினாலே கிடைத்திருக்கும் 800 ரூபாயைப் புது டைல்ஸ் சம்பாதித்ததாக எழுதிவிடுவோம். ஹோட்டல் புதுப்பிப்பு அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான். அறைகளை மூடிவைக்கும் காலத்தில் போகும் வருமானத்தையும் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு மாத வேலையை முகூர்த்தமுள்ள வைகாசியில் தொடங்குவதற்கும் ஆடியில் தொடங்குவதற்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம் உண்டு.

விட்டதற்கும் காரணம் வேண்டும்

நல்ல கடிதத்தில், பயன்படுத்தாத முறைகளுக்கும் ஒரு பத்தி இருக்கும். நம் ஆலோசகர் ஸ்வாட்டை விட்டிருக்கிறார். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போடுவது பேச்சைத் தொடங்கிவைக்க நல்லது. ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்பப் போவது முதலாளி சொன்ன சங்கதிகள். கோயிலுக்குப் பக்கம் என்பது பலம், பழைய கட்டடம் என்பது பலவீனம். தனக்குத் தெரிந்ததையே காசு கொடுத்துத் திரும்பக் கேட்பானேன்?

மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய ஐந்து விசைகள் முறை கனமானது. ஒரு தொழிலில் லாபம் ஏன் சிலருக்கே போகிறது என்பதை, போட்டி, புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள், வாங்குவோர் பலம், விற்போர் பலம் என்று அலசும். இன்னொரு ஊரில் புதிதாக ஹோட்டல் கட்டலாமா என்று கேட்டிருந்தால் அது முதலில் வரவேண்டிய முறை. இருக்கிற ஹோட்டலில் சனிக்கிழமை வாடகையை முடிவு செய்ய அது உதவாது. அதிலிருந்து ஒரே ஒரு துண்டை, ஆன்லைன் தளங்களின் பேரம்பேசும் பலத்தை, எடுத்துக்கொண்டால் போதும்.

சேவைத் தரத்தை அளக்கும் செர்வ்குவால் முறையைத்தான் கொஞ்சம் வருத்தத்தோடு விடுகிறார். பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரி ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்டது. 22 கூற்றுகளை வைத்து, விருந்தாளி எதை எதிர்பார்த்தார், என்ன கிடைத்ததாக உணர்ந்தார் என்று இரண்டு முறை கேட்டு இடைவெளியை அளப்பார்கள். ஓர் இரவு தங்கி, விடியுமுன் திருநள்ளாறுக்கு வேன் ஏறுகிற குடும்பத்திடம் 44 பதில்கள் வாங்க முடியாது. கட்டாயப்படுத்தினால் ரிசப்ஷனில் உட்கார்ந்து பையனே நிரப்பிவிடுவான். எதிர்பார்ப்பைக் கேட்காமல் கிடைத்ததை மட்டும் கேட்டால் போதும் என்று 1992-இலேயே குரோனின், டெய்லர் என்ற இருவர் வாதிட்டிருக்கிறார்கள். வெந்நீர், சுத்தம், சத்தம், பில் சரியாக இருந்ததா என்று நான்கு கேள்விகள் சாவியைத் திருப்பித் தரும் இடத்தில் கேட்டாலே இந்த ஹோட்டலுக்குப் போதுமான சேதி வரும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்கிற ஆலோசகர்கள் உண்டு. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்து ஊரே நிரம்பினால் அந்த ஏற்றமும் அவர் கணக்கில் சேரும். 2028-இல் மகாமகம் வருகிறது. அந்த ஆண்டு கும்பகோணத்தில் வருமானம் ஏறுவதற்கு எந்த ஆலோசகரும் தேவையில்லை. சதவீதம்தான் என்றால், அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்ட அந்த 87.5 என்ற எண் எவ்வளவு ஏறியது என்பதன் மேல் பேசுங்கள். ஊரோடு சேர்ந்து ஏறியது அதில் கழிந்துவிடும்.

ஹோட்டல் நடத்துகிறவர்கள் இப்படி ஒரு கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், அது வருவதற்குள் ஒரு வேலை செய்துவைக்கலாம். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் அறைகள் அத்தனையும் நிரம்பிய நாட்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசி அறை எத்தனை நாள் முன்னதாக விற்றுத் தீர்ந்தது என்று எழுதுங்கள். பெரும்பாலான நாட்களுக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே என்று வந்தால், கடனும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம்; முதலில் அந்த நாட்களின் வாடகையை மாற்றுங்கள்.